‘பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்ற பதில் போதவில்லை: ஒரு வினாப்பட்டியலுக்கு அனுமதி வாங்கிய விவரம்

எங்கள் கல்லூரியில் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு மாணவி, நடவு வேலை செய்யும் பெண்களின் இடுப்பு வலியைத் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஊர் பாபநாசம் பக்கம். அவருடைய அம்மாவே நடவு ஆள்தான். தலைப்பைப் பற்றிப் பேச முதல் நாள் வந்தபோது அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “நடவு முடிஞ்சு பத்து நாளைக்கு அம்மாவால அடுப்படியில குந்த முடியாது மேடம். ஆனா ஆஸ்பத்திரியில கேட்டா ‘வலி இருக்கா, இல்லையா’ன்னு மட்டும்தான் கேக்குறாங்க.”

வலி இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியும். அந்த வலி ஒரு பெண்ணின் கூலி வேலையை எவ்வளவு தடுக்கிறது, வீட்டு வேலையை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு ஏற்கெனவே சோதித்துப் பார்த்த ஓர் அளவுகோல் தேவை. 1983-ல் வெளியான ரோலண்டு–மோரிஸ் வினாப்பட்டியலைத்தான் நான் முதலில் காட்டினேன். 24 வாக்கியங்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அது ‘இன்று’ எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கும். ஒரு நடவுக் காலம் முழுவதையும் அதில் பிடிக்க முடியாது. தேடியதில் வெளிநாட்டு இயன்முறை மருத்துவ ஆய்வாளர்கள் மூவர் உருவாக்கிய 18 கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியல் கிடைத்தது. கடந்த நான்கு வாரங்களைப் பற்றிக் கேட்கிறது. பாதிக் கேள்விகள் சம்பள வேலையைப் பற்றியவை, மீதி வீட்டு வேலையைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 72. கடிதங்கள் தனிப்பட்டவை என்பதால் அதன் பெயரையும் ஆசிரியர்களின் பெயர்களையும் இங்கே சொல்லவில்லை.

மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும் என்ற கணக்கில்தான் டெல்டாவில் எல்லா வேலையும் ஓடும். மாணவியின் கணக்கும் அதுதான். குறுவை நடவு நடக்கும்போது அனுமதி வாங்கி மொழிபெயர்த்துவிட்டு, சம்பா நடவு உச்சத்தில் இருக்கும்போது வயலுக்குப் போய்விட வேண்டும்.

முதல் கடிதம்

ஜூன் மூன்றாவது வாரம் அவர் அனுப்பிய மின்னஞ்சல் இதுதான். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

“மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு, நான் இந்தியாவில் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் மாணவி. என் ஆய்வுக்குத் தங்கள் வினாப்பட்டியல் மிகவும் பொருத்தமாக இருக்கிறது. அதைப் பயன்படுத்த அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

மூன்றே நாளில் பதில் வந்தது. “தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆய்வு நல்லபடியாக நடக்க வாழ்த்துகள்.” கூடவே வினாப்பட்டியலின் ஆங்கிலப் படிவமும் மதிப்பெண் போடும் முறையும் இணைப்பாக வந்தன. மாணவி அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்தார். நானும் பார்த்து, சரி, இந்த வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டேன். வழிகாட்டியான நான் அந்த இடத்தில் நிறுத்திப் படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை.

அந்தப் பதிலில் குற்றம் எதுவும் இல்லை. கேட்டதற்கு அவர் சரியாகவே பதில் சொன்னார். கடிதத்தில் தமிழ் என்ற சொல்லே இல்லை. மொழிபெயர்க்கப் போகிறோம் என்று இல்லை. யாரிடம், எத்தனை பேரிடம் கேட்கப் போகிறோம் என்று இல்லை. இந்தியாவில் படிக்கும் ஒரு செவிலியர், ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் அந்த ஆங்கிலப் படிவத்தையே நீட்டப் போகிறார் என்றுதான் அவர் எண்ணியிருப்பார்.

ஆகஸ்ட் முதல் வாரம் நெறிமுறைக் குழுவின் கூட்டம். வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் ஒருவர், மருந்தியல் பேராசிரியர், அனுமதிக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மாணவியைக் கேட்டார்: “இது பயன்படுத்த அனுமதிம்மா. மொழிபெயர்க்க அனுமதி எங்க இருக்கு?” பிறகு தமிழ் வரைவைப் புரட்டினார். ஏழாவது கேள்வியில் விரல் வைத்து, “இங்க மூலத்துல வாக்குவம் கிளீனர் இருக்கு. நீங்க ‘களை எடுப்பது’ன்னு போட்டிருக்கீங்க. இதுக்கு யார் சரின்னு சொன்னா?” என்றார்.

அறையில் யாரும் பேசவில்லை. மாணவி என்னைப் பார்த்தார்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 14-ன்படி ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமையும் தழுவி மாற்றும் உரிமையும் உரிமையாளருக்கே உரியவை. பிரிவு 52-ல் சொந்தப் பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் எடுத்தாள விலக்கு இருக்கிறது. ஆனால் முழு வினாப்பட்டியலையும் தமிழாக்கி, நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்துப்போய், பின்னிணைப்பில் அச்சிட்டுப் பரப்புவதற்கு அந்த விலக்கை நம்பி இறங்குவது சரியல்ல என்பது குழுவின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

மாற்றம் என்பது மூன்று வகை

அன்று மாலை நானும் மாணவியும் உட்கார்ந்து, நாங்கள் உண்மையில் என்னென்ன செய்யப்போகிறோம் என்று எழுதிப் பார்த்தோம். எழுத எழுதத்தான் எங்களுக்கே புரிந்தது.

மொழிபெயர்ப்பு ஒன்று. அது வெளிப்படை. இரண்டாவது, கேள்விகளை நம் ஊருக்கு ஏற்ப மாற்றுவது. வாக்குவம் கிளீனர் மட்டும் இல்லை. காரில் ஏறி இறங்குவது ஒரு கேள்வி, காலுறை போடுவது ஒரு கேள்வி. மாணவி அவற்றுக்குப் பதிலாக நாற்று முடி தூக்குவது, அடிபம்பில் தண்ணீர் அடிப்பது, வாசல் தெளித்துக் கோலம் போடுவது என்று எழுதியிருந்தார். எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் அவை மூலத்தில் உள்ளவை அல்ல, புதிய கேள்விகள். மூன்றாவதை நான் கவனித்திருக்கவே இல்லை. மூல வினாப்பட்டியல், பதில் சொல்பவரே படித்து டிக் அடிப்பதற்காக ஆக்கப்பட்டது. எங்கள் பெண்களில் பலருக்குப் படிக்க வராது. மாணவி வாசித்துக் காட்டி, வாயால் வரும் பதிலைக் குறிக்கப் போகிறார். எதிரே ஒருத்தர் உட்கார்ந்து கேட்கும்போது, ‘கொஞ்சம் கஷ்டம்’ என்று சொல்கிற பெண்ணே தாளில் தனியாகக் குறித்தால் ‘ரொம்பக் கஷ்டம்’ என்று போட்டிருக்கலாம். கேட்கும் முறையை மாற்றினாலும் மதிப்பெண் நகரும். அதனால் அதற்கும் ஆசிரியரின் சம்மதம் வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பதும் தனிக் கேள்வி. கட்டுரை இதழில் வெளியாகும்போது பதிப்புரிமை பெரும்பாலும் பதிப்பகத்துக்குப் போய்விடும். வினாப்பட்டியல் கட்டுரைக்குள் அச்சாகியிருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கலாம், தனியாக ஆசிரியர்களிடமே இருக்கலாம். சில அளவுகோல்களை வேறொரு நிறுவனம் மூலமாக மட்டுமே தருவார்கள், கட்டணமும் உண்டு. கட்டுரை CC BY என்ற திறந்த உரிமத்தில் இருந்தால் பெயர் சொல்லி மொழிபெயர்த்துக்கொள்ளலாம். CC BY-NC-ND என்று இருந்தால் மாற்றிய வடிவத்தைப் பரப்ப முடியாது, மொழிபெயர்ப்பும் அதில் அடங்கும். முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ஒரு வரியை முதல் நாளே பார்த்திருந்தால் போதும். எங்கள் கட்டுரையில் உரிமை பதிப்பகத்துடையது என்று இருந்தது.

இரண்டாவது கடிதம்

முதல் கடிதத்துக்குப் பதில் சொன்னவரின் முகவரியிலிருந்து இந்த முறை தானியங்கிப் பதில் வந்தது. அவர் ஜூலையில் பணி ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு வாரம் காத்திருந்தோம். நினைவூட்டல் அனுப்பினோம். பிறகு கட்டுரையின் மூன்றாவது ஆசிரியர் இன்னும் பணியில் இருப்பதை அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் பார்த்து, முதல் ஆசிரியருக்கும் நகல் போட்டு அவருக்கு எழுதினோம். பதில் வராமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா என்று மாணவி ஒருமுறை கேட்டார். முடியாது. பதிலே வராவிட்டால் அளவுகோலை விட்டுவிட்டு ரோலண்டு–மோரிஸுக்குப் போவது என்று அப்போதே தீர்மானித்து, ஆய்வுத் திட்டத்திலும் எழுதி வைத்தோம்.

கடிதத்தின் நடுப்பகுதி இது:

“நாங்கள் செய்ய விரும்புவது பின்வருவது. இந்தியாவில், காவிரி டெல்டாவில் நடவு வேலை செய்யும் 120 பெண்களிடம், கட்டணமில்லாத கல்வி ஆய்வுக்காக, தங்கள் வினாப்பட்டியலைத் தமிழில் கேட்க விரும்புகிறோம். இதற்குத் தங்களிடம் ஐந்து அனுமதிகள் தனித்தனியே வேண்டும்: பயன்படுத்த, தமிழ்நாட்டில் பேசும் தமிழில் மொழிபெயர்க்க, இணைப்பில் காட்டியுள்ள நான்கு கேள்விகளில் உள்ளூர் வழக்குக்கு ஏற்ப மாற்றம் செய்ய, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட, தமிழ் வடிவத்தை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சிட. இவற்றில் எதற்குச் சம்மதம், எதற்கு இல்லை என்று ஒவ்வொன்றாகத் தெரிவித்தால் அதன்படி நடப்போம். தமிழ் வடிவத்தின் உரிமை யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும், கட்டுரையின் உரிமை பதிப்பகத்திடம் இருப்பதால் அவர்களிடமும் கேட்க வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள். இதற்கு முன் யாராவது தமிழில் மொழிபெயர்த்திருந்தால் அந்த விவரமும் வேண்டும்.”

கூடவே ஒரு பக்க அட்டவணை. இடப்பக்கம் மூலக் கேள்வி, நடுவில் நாங்கள் மாற்ற நினைப்பது, வலப்பக்கம் ஏன் என்று ஒரு வரி. ‘எங்கள் பகுதியில் கார் இல்லை’ என்று மொட்டையாக எழுதாமல், ‘இந்தப் பெண்கள் பயணத்துக்குப் பேருந்தைப் பயன்படுத்துகிறார்கள், உயரமான படியில் ஏறும்போது இடுப்பு வளைகிறது’ என்று எழுதச் சொன்னேன். மூலக் கேள்வி எந்த அசைவை அளக்கிறது என்பதை நாம் புரிந்துகொண்டிருக்கிறோமா என்று ஆசிரியர் அந்த வரியை வைத்துத்தான் முடிவு செய்வார்.

பன்னிரண்டு நாள் கழித்து நீண்ட பதில் வந்தது. பயன்படுத்தலாம், மொழிபெயர்க்கலாம், வாசித்துக் காட்டலாம். வாசித்துக் காட்டியதாக எல்லா வெளியீட்டிலும் சொல்ல வேண்டும், பதில் தேர்வுகளை எல்லோருக்கும் ஒரே அட்டையில் காட்ட வேண்டும். வினாப்பட்டியலின் உரிமை ஆசிரியர்களிடமே இருக்கிறது, பதிப்பகத்தைக் கேட்க வேண்டாம் என்று எழுத்தில் சொன்னார். பின்னிணைப்பில் முழுதாக அச்சிடக் கூடாது, இரண்டு மாதிரிக் கேள்விகள் போதும். தமிழ் வடிவத்தை வேறு யாருக்கும் நாங்களாகத் தரக் கூடாது, கேட்பவர்களை அவரிடம் அனுப்ப வேண்டும்.

கேள்விகளை மாற்றுவதில்தான் அவர் நின்றார். கார் பேருந்தாகலாம், வாக்குவம் கிளீனர் ‘வீடு கூட்டிப் பெருக்குவது’ ஆகலாம், அசைவு கிட்டத்தட்ட ஒன்றே என்றார். ஆனால் காலுறை நாற்று முடி ஆகக் கூடாது. உட்கார்ந்து காலைத் தூக்கி முன்னால் குனிவதும், சேற்றில் நின்றுகொண்டு சுமை தூக்குவதும் ஒன்றல்ல. அதைவிட, காலுறைக் கேள்வி வீட்டு வேலைப் பகுதியில் இருக்கிறது. நாற்று முடியை அங்கே வைத்தால் கூலி வேலையின் வலி வீட்டுப் பகுதியின் மதிப்பெண்ணில் ஏறிவிடும். இரண்டையும் பிரித்துக் காட்டத்தானே இந்த அளவுகோலையே தேடி எடுத்தோம்! அதைப் படித்தபோது மாணவிக்கு முகம் மாறியது. கோபமில்லை, புரிந்துவிட்டது. காலுறைக் கேள்வி ‘உட்கார்ந்து காலில் கொலுசோ மெட்டியோ மாட்டுவது’ என்று ஆனது. நாற்று முடி, அடிபம்பு, கோலம் மூன்றும் பதினெட்டுக்கும் பிறகு தனிப் பகுதியாகச் சேர்ந்தன. அவற்றின் மதிப்பெண் 72-ல் கூடாது, தனியாகக் காட்ட வேண்டும். அதற்கு அவர் சம்மதித்தார்.

முதுகா, இடுப்பா, நாரியா

அதே கடிதத்தில் அவர் இன்னொன்று சொன்னார். இலங்கையிலிருந்து ஒரு குழு முன்பே தமிழுக்கு அனுமதி வாங்கி, பாதி வேலையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சம்மதித்தால் தொடர்பு ஏற்படுத்துகிறேன் என்றார். தமிழில் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரிந்தவுடன், நம் வேலை மிச்சம் என்று தோன்றியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வரைவைப் பார்த்ததும் அந்த எண்ணம் போயிற்று. அவர்கள் ‘நாரி நோ’ என்று எழுதியிருந்தார்கள். அங்கே கீழ்முதுகுக்கு நாரி என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும் சொல். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு அக்காவிடம் வாசித்துக் காட்டினால், “நாரின்னா என்னம்மா?” என்று கேட்டார். அதனால்தான் பன்னாட்டு அளவுகோல்களில் தமிழ் (இந்தியா), தமிழ் (இலங்கை) என்று தனித்தனிப் படிவங்கள் இருக்கின்றன. அனுமதிக் கடிதத்தில் எந்த ஊர்த் தமிழ் என்று எழுதுவதும் அதற்காகத்தான்.

ஆனால் எங்கள் வரைவும் சரியில்லை. ஆங்கில ஆசிரியை ஒருவர் தனியாகச் செய்திருந்த முதல் மொழிபெயர்ப்பில் எல்லா இடத்திலும் ‘முதுகு வலி’ என்று இருந்தது. அதை நாலு பெண்களிடம் சோதித்தபோது, ‘உங்களுக்கு முதுகு வலி இருக்கிறதா’ என்றால் கையைத் தோள்பட்டைக்குக் கீழே கொண்டுபோய்க் காட்டினார்கள். ஒருவர் தெளிவாகவே சொன்னார்: “முதுகு நல்லாத்தான் இருக்கு. இடுப்புதான் கடுக்குது.” சரி என்று ‘இடுப்பு வலி’ என மாற்றினோம். அடுத்த வீட்டில் ஒரு பெரியம்மா சிரித்துவிட்டார். “எனக்கா? அந்த வயசெல்லாம் போச்சும்மா!” பிள்ளைப்பேற்று வலிக்கும் நமக்கு அதே சொல்தானே.

இதைச் சொந்தமாகத் தீர்க்காமல் ஆசிரியரிடமே கேட்டோம்: உங்கள் வினாப்பட்டியலில் ‘முதுகு’ என்று சொல்வது உடம்பில் எங்கிருந்து எதுவரை? கடைசி விலா எலும்புக்குக் கீழிருந்து பிட்டத்தின் கீழ் மடிப்பு வரை என்று பதில் வந்தது. கூடவே அந்தப் பகுதியை நிழலிட்டுக் காட்டும் ஒரு படமும் அனுப்பினார். படத்தைக் காட்டி, “இந்த இடத்துல, பின்பக்க இடுப்புல வலி” என்று சொன்ன பிறகு யாருக்கும் குழப்பம் வரவில்லை. ஐஸ்போர் என்ற பன்னாட்டு ஆய்வுச் சங்கத்தின் பெயரில் 2005-ல் வெளியான மொழிபெயர்ப்பு வழிகாட்டுதலில், மொழிபெயர்ப்பு தொடங்கும் முன்பே அனுமதி வாங்குவதையும் மூல ஆசிரியரை வேலையில் சேர்த்துக்கொள்வதையும் ஒரே படியாக வைத்திருக்கிறார்கள். ஏன் அப்படி என்று எனக்கு அந்தப் படம் வந்த அன்றுதான் விளங்கியது.

அதன் பிறகு மொழிபெயர்ப்பைப் புதிதாகத் தொடங்கினோம். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கினார்கள். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினோம். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அந்த மறுமொழிபெயர்ப்பை ஆசிரியருக்கு அனுப்பியதில் அவர் ஒரே ஒரு இடத்தைத் திருத்தச் சொன்னார். நடுத் தேர்வுக்கு நாங்கள் ‘ஓரளவு’ என்று போட்டிருந்தோம். அது ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது இரண்டாம் தேர்வான ‘கொஞ்சம்’ என்பதோடு ஒட்டிக்கொண்டது. ‘பாதிக்குப் பாதி’ என்று வைத்தோம். வயலில் அது எல்லோருக்கும் உடனே பிடிபட்டது.

தவறியதும் தங்கியதும்

எல்லாம் முடியும்போது அக்டோபர் பாதி. சம்பா நடவு உச்சம் போய்விட்டது. மாணவி தாளடி நடவுப் பெண்களிடம்தான் கேட்க முடிந்தது. வடகிழக்கு மழையில் வயலில் தண்ணீர் ஏறிக் கிடந்ததால் 120 பேர் என்று திட்டமிட்டது 96-ல் நின்றது. ஜூனிலேயே இரண்டாவது கடிதத்தை எழுதியிருந்தால் இந்தக் குறை வந்திருக்காது. ஆய்வேட்டின் வரம்புகள் பகுதியில் காலதாமதத்தின் காரணத்தையும் சேர்த்து எழுதச் சொன்னேன், எழுதினார்.

அனுமதி கிடைத்துவிட்டதால் தமிழ் வடிவம் நம்பகமானது என்று ஆகிவிடாது. 96 பேரை வைத்து நாங்கள் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்ற உள்ளொத்திசைவையும், இரண்டு வாரம் கழித்து 30 பேரிடம் மறுபடி கேட்டு மதிப்பெண் மாறாமல் இருக்கிறதா என்பதையும் மட்டும் பார்த்தோம். மூலத்தின் இரண்டு பகுதிகள் இங்கேயும் அப்படியே பிரிகின்றனவா என்று காரணிப் பகுப்பாய்வு செய்ய அந்த எண்ணிக்கை போதாது. மூல ஆசிரியர்கள் சொன்ன வெட்டுப்புள்ளியை, இத்தனைக்கு மேல் என்றால் கடுமையான பாதிப்பு என்பதை, நாங்கள் பயன்படுத்தவில்லை. அது அவர்கள் ஊர் அலுவலக ஊழியர்களை வைத்துக் கண்ட எண். சேற்றில் நிற்கும் பெண்ணுக்கு அதே எண் பொருந்தும் என்று சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

இறுதித் தமிழ்ப் படிவத்தின் அடியில் ஆசிரியர் கேட்டபடி மூலக் கட்டுரையின் பெயர், தமிழ் (இந்தியா), மொழிபெயர்த்த ஆண்டு, அனுமதியோடு என்ற சொல் எல்லாம் போட்டு அவருக்கு அனுப்பினோம். மின்னஞ்சல்கள் அத்தனையையும், தலைப்பும் தேதியும் தெரியும்படி பிடிஎஃப் ஆக்கித் துறைக் கோப்பில் வைத்திருக்கிறோம். மாணவியின் தனி முகவரியில் மட்டும் இருந்திருந்தால் அவர் படிப்பு முடிந்து போன பிறகு யாருக்கும் கிடைக்காது. பிஎச்.டி. செய்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறிவிட்டால், பின்னிணைப்பில் இருக்கும் முழு வினாப்பட்டியலும் ஊருக்கே போய்விடும்.

சென்ற மாதம் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு இயன்முறை மருத்துவ மாணவர் தொலைபேசியில் பேசினார். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்க எங்கள் தமிழ்ப் படிவம் வேண்டும் என்றார். “வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க மேடம், பேரு போட்டுக்கறேன்” என்றார். தர முடியாது தம்பி என்று சொல்லி, ஆசிரியரின் முகவரியையும் எங்கள் இரண்டாவது கடிதத்தின் நகலையும் அனுப்பினேன். ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள், சூளை வேலையில் எந்தக் கேள்வி பொருந்தவில்லை என்பதை அட்டவணையாகப் போடுங்கள் என்றேன். நாலாம் நாள் அவருக்குப் படிவம் ஆசிரியரிடமிருந்தே வந்துவிட்டது, அந்த நிழலிட்ட படத்தோடு.